மேலாண்மைத் தேர்வில் நெகட்டிவ் மார்க்: எந்தக் கேள்வியை விடுவது, எதை எழுதுவது

60 கேள்விகள், 60 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரிக்கு 3 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு என்று ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்.

படி 1: கழிவுக் கணக்கை முதலில் போடுங்கள்

எதுவுமே தெரியாமல் நான்கு கேள்விகளுக்குக் குத்துமதிப்பாக விடை போட்டால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். வந்த 3 மதிப்பெண் அப்படியே போய்விடும். ஆதாயம் பூஜ்யம், நேரம் மட்டும் நஷ்டம். ஆனால் ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டால், மூன்று கேள்விக்குச் சராசரியாக 1 மதிப்பெண் மிஞ்சும். இரண்டை நீக்கினால் இரண்டு கேள்விக்கு 2 மிஞ்சும். ஆகவே இந்தத் தாளில் ஒன்றை நீக்க முடிந்தாலே எழுதலாம்.

சரிக்கு 1, தவறுக்கு அரை என்று இருந்தால் கணக்கு மாறும். ஒன்றை நீக்கினாலும் பூஜ்யம்தான்; இரண்டையாவது நீக்க வேண்டும்.

படி 2: மூன்று சுற்றாகப் பிரியுங்கள்

முதல் சுற்றுக்கு 35 நிமிடம். எல்லாக் கேள்வியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 20 விநாடியில் வழி தெரியவில்லையா, குறியிட்டுவிட்டு நகருங்கள். வழி தெரிந்தும் நீளமான கணக்கு என்றாலும் அப்படியே. அதற்கு நான்கு நிமிடம் செலவழித்தால் கிடைப்பதும் அதே 3 மதிப்பெண்தான். கடைசியில் இருக்கும் எளிய கேள்விகள் படிக்கப்படாமலே போகும். இரண்டாம் சுற்றுக்கு 20 நிமிடம், சரிபார்க்க 5.

படி 3: காரணத்தோடு நீக்குங்கள்

ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிக் கோட்பாட்டில் கேள்வி: "பின்வருவனவற்றுள் ஊக்கக் காரணி அல்லாதது எது?" விடைகள்: சாதனை, அங்கீகாரம், மேற்பார்வை, பொறுப்பு.

வேலையிலிருந்தே கிடைக்கும் நிறைவுதான் ஊக்கக் காரணி என்பது மட்டும் நினைவிருக்கிறது. சாதனையும் பொறுப்பும் அந்த வகை, எனவே நீங்கிவிட்டன. மிச்சம் அங்கீகாரமா, மேற்பார்வையா? உறுதியில்லாவிட்டாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, எழுதிவிடலாம். (சரியான விடை மேற்பார்வை, அது வேலைச் சூழலைச் சேர்ந்தது.)

"இது இருக்காது போல" என்ற உணர்வை நீக்கலாக எண்ணாதீர்கள். ஏன் இல்லை என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால்தான் அது நீங்கிய விடை. இல்லாவிட்டால் இங்கே எளிதில் மதிப்பெண் இழப்பீர்கள். "அல்லாதது" என்ற சொல்லைக் கவனிக்காமல் நீக்கினால் சரியான விடையே போய்விடும்.

படி 4: விட்ட கேள்வியைக் கையாளுங்கள்

இரண்டாம் சுற்றில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள் ஒரு விடைகூட நீங்கவில்லை என்றால் காலியாகவே விடுங்கள்.

ஓஎம்ஆர் தாளில் 17-ஐ விட்டுவிட்டு 18-இன் விடையை 17-இல் நிரப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்தடுத்த விடைகளும் அதோடு இடம் மாறும். ஒவ்வொரு கேள்வியைத் தாண்டியதும் அடுத்த எண்ணைத் தாளில் விரல் வைத்துப் பார்த்த பிறகே நிரப்புங்கள்.