இலவசச் சோதனைக்கு ப்ரீபெய்ட் அட்டை மறுக்கப்படும்போது காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

கோலாலம்பூர், செந்தூலில் இருக்கும் என் அக்காள் மகன் சென்ற ஆண்டு ஓர் இரவில் எனக்கு வாட்சாப்பில் மூன்று திரைப்படங்களை அனுப்பினான். சினிமா அல்ல, கைப்பேசித் திரையைப் பிடித்த படங்கள். காணொளி வெட்டி ஒட்டும் ஒரு செயலியை ஏழு நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று விளம்பரம் வந்திருக்கிறது. அட்டை எண்ணைக் கேட்டவுடன், தன் மின்பணப்பையோடு வந்த ப்ரீபெய்ட் விசா அட்டையின் எண்ணைக் கொடுத்திருக்கிறான். மூன்று முறை முயன்றும் செயலி `Your card was declined` என்றே சொல்லியிருக்கிறது. கடைசி முயற்சிக்குப் பிறகு அட்டையின் செயலியில் `Insufficient balance` என்ற வரியும் வந்திருந்தது.

"மாமா, இன்னும் இருபது வெள்ளி ஏத்தினா சரியாயிடுமா?" என்று கேட்டான்.

"ஏத்தாதே. முதல் தடவை என்ன வந்துச்சுன்னு பாரு" என்றேன்.

இருபது வெள்ளி ஏற்றியிருந்தாலும் அந்தச் செயலி அவன் அட்டையை ஏற்றிருக்காது. ஏன் என்பதையும், உங்களுக்கு அதுவே நேர்ந்தால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

இலவசம் என்றால் ஏன் பணம் கேட்கிறது?

சோதனைக்காலம் முடிந்ததும் சந்தாப் பணத்தை எடுக்க வேண்டும் என்பதால், நீங்கள் கொடுத்த அட்டை உயிரோடு இருக்கிறதா என்று செயலி முன்கூட்டியே அறிய விரும்புகிறது. அதற்காக அட்டையை வழங்கிய நிறுவனத்துக்கு ஓர் ஒப்புதல் கோரிக்கை போகிறது. சில செயலிகள் சுழியத் தொகைக்குக் கோரிக்கை அனுப்பும். அப்போது உங்கள் இருப்பில் ஒரு சென்னும் அசையாது. வேறு சில செயலிகள் ஒரு வெள்ளிக்கோ ஓர் அமெரிக்க டாலருக்கோ கேட்கும். ஒப்புதல் கிடைத்தால் அந்தத் தொகை செயலிக்காரரிடம் போய்ச் சேர்வதில்லை. உங்கள் அட்டையிலேயே தனியாக ஒதுக்கி வைக்கப்படுகிறது, பிறகு விடுவிக்கப்படுகிறது. சம்பளம் வந்து விழும் வங்கிக் கணக்கோடு இணைந்த அட்டையில் நான்கு வெள்ளி ஒதுங்கினால் யாருக்கும் கண்ணில் படாது. பத்து வெள்ளி மட்டும் ஏற்றிய அட்டையில் அதுவே பாதித் தொகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

முதல் படி: எண்ணைக் கொடுப்பதற்கு முன்

அட்டையின் செயலியைத் திறந்து, இருப்பு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் சரிபார்ப்புக்கு ஏறத்தாழ நான்கு வெள்ளி தேவைப்படும் என்பதால், இருப்பு பத்து வெள்ளிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அடுத்து, அட்டை அமைப்புகளில் இணையப் பரிவர்த்தனைக்கும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கும் தனித்தனி விசைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மலேசியாவில் வழங்கப்படும் பல அட்டைகளில் வெளிநாட்டு விசை தொடக்கத்தில் அணைந்தே இருக்கும்; செயலியின் விலை ரிங்கிட்டில் காட்டப்பட்டாலும் பணம் வசூலிக்கும் நிறுவனம் வெளிநாட்டில் இருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. செலவு வரம்பை நீங்களே வைக்கக்கூடிய மெய்நிகர் அட்டை என்றால் வரம்பையும் பாருங்கள். சோதனை இலவசம்தானே என்று ஒரு வெள்ளி வரம்பு வைத்திருந்தால், ஒரு டாலர் கோரிக்கை அந்த வரம்பில் முட்டி நின்றுவிடும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு முயற்சி

எண்ணை உள்ளிட்டு ஒரு முறை மட்டும் அழுத்துங்கள், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டால் உடனே மறுபடியும் அழுத்தத்தான் கை போகும். அங்கேதான் பிழை தொடங்குகிறது, ஏனென்றால் இரண்டாம் முயற்சி முதல் முயற்சியின் தடயத்தைக் குழப்பிவிடும். தொடர்ந்து தோல்வியடைந்தால் செயலியோ அட்டை நிறுவனமோ சந்தேகப்பட்டு அந்த அட்டையைச் சிறிது நேரம் முடக்கிவைப்பதும் உண்டு. அதற்குப் பிறகு சரியான அட்டையைக் கொடுத்தாலும் மறுப்புதான் வரும்.

மூன்றாம் படி: அட்டையின் பதிவைப் படித்தல்

செயலி காட்டும் மறுப்புச் செய்தியில் காரணம் இருக்காது. காரணம் எதுவானாலும் பெரும்பாலும் அதே வரியைத்தான் காட்டும். நீங்கள் படிக்க வேண்டியது அட்டையின் பரிவர்த்தனைப் பட்டியலை, அதில் குறித்து வைத்த நேரத்துக்கு நேராக என்ன இருக்கிறது என்பதை. அறிவிப்புகளையும் குறுஞ்செய்திகளையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் தோல்வியுற்ற முயற்சிகளைச் சில அட்டைச் செயலிகள் பட்டியலில் காட்டாமல் அறிவிப்பாக மட்டும் அனுப்பும்.

எங்கும் எதுவும் இல்லை என்றால், கோரிக்கை அட்டை நிறுவனம் வரை போகவே இல்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம். அட்டை எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் அதை யார் வழங்கினார், அது கடன் அட்டையா, டெபிட்டா, ப்ரீபெய்டா என்பதைச் சொல்லிவிடும். ப்ரீபெய்ட் வேண்டாம் என்று முடிவெடுத்த செயலி அந்த இலக்கங்களைப் பார்த்தே வாசலில் திருப்பி அனுப்பிவிடும். புதுப்புது அட்டை எண்களைக் கொடுத்து ஒரே ஆள் திரும்பத் திரும்ப இலவசக் காலம் வாங்குவதும், காலம் முடிந்தபோது அட்டையில் பணம் இல்லாமல் போவதும் அவர்களுக்கு நட்டம் என்பதால் அவர்கள் இப்படிச் செய்கிறார்கள். சுழியத் தொகைக் கோரிக்கை மறுக்கப்பட்டாலும் பட்டியலில் தடயம் இல்லாமல் போகலாம். இரண்டில் எதுவானாலும் இருப்புக்கும் இந்த மறுப்புக்கும் தொடர்பில்லை, ஆகவே பணம் ஏற்றிப் பயனில்லை.

மறுப்பு என்று பதிவாகி, பக்கத்தில் காரணமும் இருந்தால் அதுதான் எளிய நிலை. இருப்புப் போதவில்லை, வெளிநாட்டு விசை அணைந்திருக்கிறது, வரம்பு மீறிவிட்டது, உறுதிப்படுத்தும் பக்கத்தில் ஒப்புதல் தரவில்லை என்பவற்றுள் ஒன்றாக இருக்கும். சொன்னதைச் சரிசெய்து இன்னொரு முறை முயலலாம்.

மூன்றாவது நிலைதான் ஆளைக் குழப்புவது. அட்டையில் `Pending` என்று தொகை ஒதுங்கியிருக்கும், செயலியோ அட்டை மறுக்கப்பட்டது என்று சொல்லும். அட்டை நிறுவனம் சரி என்றுதான் பதில் அனுப்பியது. பதில் வந்த பிறகு, அட்டை ப்ரீபெய்ட் என்பதாலோ தன் பாதுகாப்புச் சோதனையில் வேறெதுவோ பிடிக்காததாலோ செயலிதான் வேண்டாம் என்றது. பணம் ஒதுங்கியது ஒதுங்கியபடி இருக்கும்.

என் அக்காள் மகனுக்கு நேர்ந்தது இதுவே. தொடக்கத்தில் அவன் அட்டையில் 10.00 வெள்ளி இருந்தது. முதல் முயற்சியில் ஒரு டாலருக்கு அன்றைய மாற்று விகிதப்படி 4.30 ஒதுங்கி, 5.70 மிஞ்சியது. செயலி மறுத்தது. இரண்டாம் முயற்சியிலும் ஒரு 4.30 ஒதுங்கி, 1.40 மிஞ்சியது. செயலி மறுபடியும் மறுத்தது. மூன்றாம் முறை 1.40 வெள்ளியில் ஒரு டாலர் எப்படி ஒதுங்கும்? அப்போதுதான் இருப்புப் போதவில்லை என்ற செய்தி முதன்முறையாக வந்தது. அது மூன்றாம் முயற்சியைப் பற்றிய உண்மை. முதல் இரண்டு முயற்சிகளின் காரணத்தைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. அதை நம்பி இருபது வெள்ளி ஏற்றியிருந்தால், நான்காம், ஐந்தாம் முயற்சிகளில் இன்னும் இரண்டு 4.30 ஒதுங்கியிருக்கும்.

நான்காம் படி: ஒதுங்கிய தொகை திரும்பி வருதல்

செயலிக்காரர் விடுவிப்புச் செய்தி அனுப்பினால் தொகை சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ இருப்பில் சேரும். பட்டியலில் `Reversed` என்று மாறும், அல்லது அந்த வரியே மறைந்துவிடும். அவர் அனுப்ப மறந்தால், அட்டை நிறுவனம் வைத்திருக்கும் கெடு முடியும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரத்திலும் முடியலாம், சில ப்ரீபெய்ட் அட்டைகளில் அதைவிட வெகுநாளும் இழுக்கலாம். ஒதுங்கிய தொகை எடுக்கப்படாமலே விடுவிக்கப்படுவதால், டாலரில் கேட்கப்பட்டிருந்தாலும் அதே 4.30 தான் திரும்பும். தொகையை உண்மையாகவே எடுத்துவிட்டுப் பிறகு திருப்பித் தரும் செயலிகளில்தான் மாற்று விகிதத்தால் சில சென் கூடவோ குறையவோ செய்யும்.

இரண்டு வாரம் கடந்தும் `Pending` என்றே இருந்தால் செயலிக்காரரிடம் எழுதுவதைவிட அட்டை நிறுவனத்திடம் கேளுங்கள். "நாங்கள் உங்களிடம் பணமே எடுக்கவில்லை" என்று செயலிக்காரர் சொல்வார். அவர் கணக்குப் புத்தகப்படி அது உண்மையும்கூட. தேதி, நேரம், தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவற்றைச் சொன்னால் போதும். பின்புறத்து மூன்று இலக்கங்களையோ ஓடிபியையோ கேட்கிறவர் அட்டை நிறுவனத்து ஆள் அல்லர்.

ஐந்தாம் படி: வேறு எதைக் கொடுக்கலாம்?

மெய்நிகர் அட்டைகள் எல்லாம் ஒரே இனம் அல்ல. வங்கியின் டெபிட் அல்லது கடன் கணக்கிலிருந்து உருவாக்கிய மெய்நிகர் எண் அந்த வகை அட்டையாகவே தெரியும், பெரும்பாலும் ஏற்கப்படும். மின்பணப்பையிலிருந்து உருவாக்கியது பிளாஸ்டிக்கில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் ப்ரீபெய்ட்தான். ஒரு முறை மட்டும் செல்லும் எண்ணில் வேறொரு சிக்கல் உண்டு: அந்த ஒரு முறை சரிபார்ப்பிலேயே தீர்ந்துவிடும், எட்டாம் நாள் சந்தா எடுக்க முயலும்போது தோல்வியடையும். அது தனக்கு வசதிதானே என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை, ஏனென்றால் அட்டை செத்தாலும் சந்தா சாவதில்லை. செயலிக்குள் போய் ரத்து செய்யாதவரை கணக்கு பாக்கியோடு நிற்கலாம்.

செயலியின் இணையதளத்தில் மறுக்கப்பட்டால், அதே சோதனைக்காலம் ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர் வழியாகக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே கட்டணத்தைக் கடைதான் வசூலிக்கிறது என்பதால், எந்த வகை அட்டை செல்லும் என்பதையும் கடையே முடிவு செய்கிறது.

அக்காள் மகன் கடைசியில் தன் வங்கி டெபிட் அட்டையில் வெளிநாட்டு விசையைத் திறந்து, ஒரே முறை அழுத்தினான், ஏற்கப்பட்டது. உடனே விசையை அணைக்கச் சொன்னேன். சோதனை முடிவதற்கு இரண்டு நாள் முன்பே ரத்து செய்யவும் சொன்னேன், ஏனென்றால் செயலியின் ஏழாம் நாள் நம் கோலாலம்பூர்க் கடிகாரப்படி முடியும் என்ற உறுதி இல்லை. ப்ரீபெய்ட் அட்டையில் ஒதுங்கிய முதல் 4.30 மறுநாளே வந்துவிட்டது. இரண்டாவது வரவில்லை. பத்தாம் நாள் காலையில்தான் அட்டை மறுபடியும் 10.00 என்று காட்டியது.