கோலாலம்பூர் சமையலறையில் தயிர்: ஒரு நாள் தோயாது, மறுநாள் புளிக்கும்

அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைத்துவிடும். பினாங்கில் இருந்தால் லிட்டில் இந்தியா. தயிரும் கடையில் உண்டுதான். ஆனால் வீட்டில் தோய்த்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள் வந்த முதல் வாரமே பாலைக் காய்ச்சி உறை ஊற்றுவார்கள், தோற்பார்கள், "இந்த ஊர்ப் பால் சரியில்லை" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பால்மேல் குற்றமில்லை. உறையையும் இரவையும் நான் கவனிக்கவில்லை.

முதல் தடவை பேரங்காடியில் வாங்கிய வெறும் யோகர்ட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றினேன். இரவு பத்து மணிக்கு ஊற்றி, பாத்திரத்தை ஹாலில் வைத்தேன். ஏர்கோன் 22-ல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் அதே பால், கொஞ்சம் கொழகொழப்பு, அவ்வளவுதான்.

யோகர்ட் செய்யப் பயன்படும் பாக்டீரியாக்களுக்குப் பிடித்த சூடு 42 டிகிரி சுற்றளவு. 22 டிகிரியில் அவை ஏறக்குறைய தூங்கிவிடும். நம் வீட்டுத் தயிரில் இருப்பது கலவையான கூட்டம். அதில் 30 டிகிரியிலேயே நன்றாக வேலை செய்கிறவையும் இருக்கும். அதனால்தான் ஊரில் அடுக்களை மூலையில் வைத்தாலே தோய்ந்தது. யோகர்ட்டின் கெட்டித்தன்மையைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பல டப்பாக்களில் அது பால் பவுடர், ஜெலட்டின், மாவு ஆகியவற்றால் வந்த கெட்டி. பழச்சுவை, சர்க்கரை சேர்த்ததை விட்டுவிடுங்கள். உயிருள்ள கல்ச்சர் இருப்பதாக டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் உறைக்கு எடுங்கள்.

சரி, அடுத்த வாரம் தெரிந்த அக்கா வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் தயிர் வாங்கி வந்தேன். ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று கரண்டி தாராளமாக ஊற்றி, இந்த முறை ஏர்கோன் இல்லாத அடுக்களையில் வைத்தேன். இரவு பத்து முதல் காலை ஏழு வரை ஒன்பது மணி நேரம். மூடியைத் திறந்தால் மேலே மஞ்சள் கலந்த தண்ணீர், அடியில் திப்பித் திப்பியாகத் தயிர். வாயில் வைக்க முடியாத புளிப்பு.

உறையின் வேலை இதுதான்: பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்குவது. அமிலம் ஏற ஏற, கேசீன் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று கோத்து வலை பின்னுகிறது. அந்த வலைக்குள் தண்ணீர் அடைபட்டு நிற்பதுதான் தயிர். தோய்ந்த பிறகும் பாக்டீரியா நிறுத்தாது. அமிலம் இன்னும் ஏறினால் வலை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே விடும். உறை அதிகமானால் இதெல்லாம் சீக்கிரம் நடந்துவிடும். ஊரில் மார்கழி இரவு குளிர்ந்துவிடும், அதனால் விடிய விடிய வைத்தாலும் தாங்கும். இங்கே எல்லா இரவும் சித்திரைதான்.

இப்போது நான் செய்வது: ஒரு லிட்டர் பாலைப் பொங்க வைத்து, தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் கிளறுவேன். இந்தச் சூட்டில் பாலின் மற்ற புரதங்களும் கேசீனோடு ஒட்டிக்கொள்வதால் வலை உறுதியாகிறது. பாக்கெட்டைப் பிரித்த பாஸ்சுரைஸ் பாலை வெதுவெதுப்பாக்கி மட்டும் உறை ஊற்றினால் தயிர் தளர்வாக இருப்பது இதனால்தான். யூஎச்டி பால் ஏற்கெனவே காய்ந்தது, அதைக் காய்ச்சாமலே தோய்க்கலாம், ஆனால் சற்று மெல்லியதாக வரும்.

விரலை வைத்துப் பத்து எண்ணினாலும் சுடாத அளவுக்கு, சுமார் 40 டிகிரிக்கு, ஆற விடுங்கள். கொதிக்கிற பாலில் ஊற்றினால் உறை செத்துவிடும். இந்தப் பாலுக்கு வீட்டுத் தயிர் ஒரு தேக்கரண்டி போதும். பிறகு பாத்திரத்தை அசைக்காதீர்கள். அடுக்களையில் வைத்து ஐந்து மணி நேரம் ஆனதிலிருந்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து ஒரே துண்டாக விலகினால் உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். இரவுதான் முடியும் என்றால் படுக்கும்போது, அரைத் தேக்கரண்டி உறையோடு வையுங்கள்.

எட்டு மணி நேரமாகியும் தோயவில்லையா? மோர் வாசனை இருந்தால் பாத்திரத்தை வெந்நீர்த் தட்டில் இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். கெட்ட வாடையோ நிறமாற்றமோ இருந்தால் கொட்டிவிடுங்கள்.

தோய்ந்ததும் முதல் கரண்டியை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாலு நாளுக்குள் அடுத்த உறைக்கு ஆகும். புளித்துப்போன தயிரிலிருந்து உறை எடுத்தால் அடுத்ததும் சீக்கிரம் புளிக்கும். அப்படி ஆகிவிட்டால் அக்கா வீட்டுக்குத்தான் மறுபடி கிண்ணத்தோடு போகவேண்டும்.