டிரான்சாக்‌ஷன் விடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். தேர்வு நெருங்கும்போது கல்லூரி மாணவர்கள் டேட்டாபேஸ் விடைகளை என்னிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வார்கள். டிரான்சாக்‌ஷன் என்பது ஒரே வேலையாகக் கருதப்படும் கட்டளைகளின் தொகுப்பு. அதன் பண்புகளான அட்டாமிசிட்டி, கன்சிஸ்டென்சி, ஐசொலேஷன், டியூரபிலிட்டி ஆகியவற்றைக் குறிக்கும் ஆசிட் என்பதன் நான்கு எழுத்துகளையும் யாரும் மறப்பதில்லை. பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

## பிழை வந்தால் எல்லாம் தானாகத் திரும்பிவிடும் என்று எழுதுவது

ஏறக்குறைய எல்லா விடைத்தாளிலும் இந்த வாக்கியம் இருக்கிறது: "இடையில் ஒரு கட்டளை தோற்றால் முந்தைய மாற்றங்கள் தானாக நீங்கிவிடும்." இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதை நம்பி எழுதிய நிரல் என்ன செய்யும் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

தொழிற்சாலைக் கணக்கில் 3000 ரூபாய், இலை போடும் விவசாயியின் கணக்கில் 1000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். அவருக்கு 5000 ரூபாய் முன்பணம் தர வேண்டும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று அட்டவணையில் CHECK விதி இருக்கிறது.

```sql
START TRANSACTION;
UPDATE kanakku SET iruppu = iruppu + 5000 WHERE id = 2;
UPDATE kanakku SET iruppu = iruppu - 5000 WHERE id = 1;
COMMIT;
```

மைஎஸ்க்யூஎல்லில் இதை வரிவரியாகத் தட்டிப் பாருங்கள். முதல் UPDATE நடந்து, விவசாயியின் இருப்பு 6000 ஆகும். இரண்டாவது, விதியை மீறுவதால் 3819 என்ற பிழை எண்ணோடு நிற்கும். அந்த ஒரு கட்டளை மட்டுமே திரும்பப் பெறப்படும். டிரான்சாக்‌ஷன் இன்னும் திறந்தே இருக்கிறது, முதல் மாற்றமும் அதற்குள் காத்திருக்கிறது. அடுத்து COMMIT கொடுத்தால் அது நிரந்தரமாகும். தொழிற்சாலையில் 3000, விவசாயியிடம் 6000. மொத்தம் 4000 இருந்த இடத்தில் இப்போது 9000.

எல்லாம் பதிய வேண்டும், இல்லையென்றால் எதுவும் பதியக் கூடாது என்ற அட்டாமிசிட்டி இங்கே உடையவில்லை. COMMIT சொன்ன நேரத்தில் டிரான்சாக்‌ஷனுக்குள் இருந்த அனைத்தையும் டேட்டாபேஸ் பதிந்துவிட்டது. பிழைச் செய்தி வந்த பிறகும், மாற்றங்களைத் திரும்பப் பெறும் ROLLBACK கொடுக்காமல் COMMIT கொடுத்தது நிரல்தான். ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் எழுதிய நிரல் பிழையைக் கவனிக்காமலே COMMIT-க்குப் போய்க்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் முன்பணப் பேரேடும் பணப் பேரேடும் பொருந்தவில்லை. எந்த விவசாயியின் கணக்கில் உண்மையாகப் பணம் போனது என்று ஒவ்வொரு ரசீதாக எடுத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

போஸ்ட்கிரெஸ் வேறு வழியில் நடக்கும். அங்கே ஒரு கட்டளை தோற்றதும் அந்த டிரான்சாக்‌ஷனில் அடுத்த கட்டளைகள் ஏற்கப்படாது. COMMIT கொடுத்தாலும் ROLLBACK என்றே பதில் வரும். ஆகவே "தானாக" என்ற சொல்லை விடையில் பொதுவாக எழுதாதீர்கள். பிழை வந்தால் நிரல் ROLLBACK கொடுக்க வேண்டும் என்று எழுதினால் எந்த டேட்டாபேஸுக்கும் பொருந்தும்.

இன்னொரு கண்ணி: WHERE-இல் தவறான எண் இருந்தால் பிழையே வராது, எந்த வரிசையும் மாறாது. எத்தனை வரிசை மாறியது என்று நிரல் பார்த்த பிறகே COMMIT-க்குப் போக வேண்டும்.

## அட்டாமிசிட்டிக்கும் கன்சிஸ்டென்சிக்கும் ஒரே விடை

மேலே உள்ள கணக்கே இரண்டையும் பிரித்துக் காட்டும். 3000, 6000 இரண்டும் CHECK விதிக்கு உட்பட்டவை. அதனால் டேட்டாபேஸ் குறை சொல்லவில்லை. மொத்தம் மாறக் கூடாது என்ற விதி அதற்குச் சொல்லப்படவே இல்லை. அறிவிக்கப்பட்ட விதிகளை டேட்டாபேஸ் காக்கும். அறிவிக்கப்படாத விதிகளை டிரான்சாக்‌ஷனை எழுதுபவர்தான் காக்க வேண்டும். கன்சிஸ்டென்சிக்கு இந்த இரண்டு பொறுப்பையும் எழுதுங்கள்.

## கமிட்டுக்குப் பிறகு ரோல்பேக்

முடியாது. திருத்த வேண்டுமானால் எதிர்ப்பதிவு செய்யும் புதிய டிரான்சாக்‌ஷன் வேண்டும்.

## நடுவில் CREATE TABLE

மைஎஸ்க்யூஎல்லில் அது அதுவரை செய்ததைக் கமிட் செய்துவிடும்.

## டியூரபிலிட்டியை "பேக்கப்" என்று எழுதுவது

ஆடிக் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே வழக்கம். COMMIT வெற்றி என்று பதில் வந்த பிறகு மின்சாரம் போனால், வட்டில் ஏற்கெனவே எழுதப்பட்ட லாக்கைப் படித்து டேட்டாபேஸ் அந்த மாற்றத்தை மீட்கும். பதில் வருவதற்கு முன் போனால் இந்த உறுதி கிடையாது. வட்டே கெட்டுப்போனால்தான் பேக்கப் தேவைப்படும்.

## ஐசொலேஷனை ஒரே வரியில் முடிப்பது

இரண்டு எழுத்தர்கள் ஒரே விவசாயியின் 1000 ரூபாயை ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். ஒருவர் 200 கூட்டி 1200 என்றும், மற்றவர் 300 கூட்டி 1300 என்றும் எழுதினால், கடைசியாக எழுதியது மட்டும் நிற்கும். வர வேண்டியது 1500. உடன் ஓடும் டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதைப்போல விளைவு தர வேண்டும் என்பதே ஐசொலேஷனின் முழு அளவு. அந்த அளவை சீரியலைசபிள் என்பார்கள். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் இயல்பாக அதைவிடத் தளர்ந்த அளவில்தான் இயங்குகின்றன என்று ஒரு வரி சேர்த்தால் விடை முழுமையாக இருக்கும்.