இரத்த உறவுப் புதிர்: விடையைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலர் இரத்த உறவுக் கணக்கின் விடையைச் சரிபார்க்கும் விதமே தவறு. விடையை மனத்தில் வைத்துக்கொண்டு வினாவை மறுபடி படிக்கிறார்கள். ஏற்கெனவே “மாமா” என்று முடிவு செய்துவிட்டால், இரண்டாம் முறை படிக்கும்போதும் ஒவ்வொரு வரியும் மாமாவுக்குத்தான் வழிகாட்டும். குறித்த விடையை மறைத்துவிட்டு, புதிய தாளில் குடும்ப மரத்தை முதலிலிருந்து வரைவதுதான் உண்மையான சோதனை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். க, ச-வின் சகோதரர். ச-வின் மகள் ட. ட-வும் த-வும் உடன்பிறந்தவர்கள். த-வின் தந்தை ப. அப்படியானால் ப, க-வுக்கு என்ன உறவு?

குறியீடுகள் எளியவைதான். ஆணுக்கு +, பெண்ணுக்கு −, தெரியாவிட்டால் கேள்விக்குறி. உடன்பிறந்தவர்களுக்குப் படுக்கைக் கோடு, கணவன் மனைவிக்கு இரட்டைக் கோடு, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கீழ்நோக்கிய கோடு. ஒரு வாக்கியம் படித்ததும் அதற்குரிய கோட்டை மட்டும் போட வேண்டும். அடுத்த வாக்கியத்தை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

முதல் வாக்கியத்தில் க ஆண் என்று தெரிகிறது. ச ஆணா பெண்ணா என்று தெரியாது. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. சகோதரர் என்ற சொல்லைப் படித்த வேகத்தில் ச-வுக்கும் + போட்டுவிடுகிறார்கள். அடுத்த வாக்கியத்தில் ச-வுக்கு மகள் இருக்கிறாள் என்று வந்ததும், “சரி, ச அப்பா” என்று அது மனத்தில் உறுதியாகிவிடுகிறது. ஆனால் மகள் இருப்பதால் ச தந்தை என்றும் ஆகாது, தாய் என்றும் ஆகாது. கேள்விக்குறி அப்படியே நிற்கட்டும். மூன்றாவது வாக்கியத்தில் த வருகிறார், அவருக்கும் கேள்விக்குறிதான்.

நான்காவது வாக்கியம் முடிச்சை அவிழ்க்கிறது. த-வின் தந்தை ப என்றால் ட-வுக்கும் தந்தை அவரே. இந்தக் கணக்குகளில் வேறுவிதமாகச் சொல்லாதவரை உடன்பிறந்தவர்களுக்குத் தாயும் ஒருவரே, தந்தையும் ஒருவரே. தந்தையின் இடத்தில் ப வந்துவிட்டதால் ச தாய்தான். இப்போதுதான் அவருக்கு − போட வேண்டும்.

```
க(+) ——— ச(−) ═══ ப(+)
              │
        ட(−) ——— த(?)
```

ப, க-வின் சகோதரி கணவர், அதாவது மைத்துனர். முதலிலேயே ச-வுக்கு + போட்டிருந்தால் இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு தந்தைகள் வந்து நிற்பார்கள். மரம் இப்படி முட்டினால், முட்டிய வரியைத் திருத்தப் பார்க்காதீர்கள். பின்னால் போய், எந்தக் குறியை வாக்கியம் சொல்லாமல் நீங்களாகப் போட்டீர்கள் என்று தேடுங்கள்.

அடுத்த தவறு, ஒரு மரம் பொருந்தியதும் நிறுத்திவிடுவது. அந்த விடை நடக்கக்கூடியது என்பதை மட்டுமே ஒரு மரம் காட்டும். வேறு விடை கிடையாது என்பதை அது காட்டாது. இதே கணக்கில் நான்காவது வாக்கியம் இல்லை என்று வையுங்கள். க, ட-வுக்கு என்ன உறவு என்று கேட்டால், ச பெண்ணாக இருக்கும் மரத்தில் க தாய்மாமா. ச ஆணாக இருக்கும் மரத்தில் அவர் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆகிறார். இரண்டு மரங்களுமே வினாவோடு பொருந்துவதால் “தீர்மானிக்க முடியாது” என்பதே விடை. ஆங்கில வினாத்தாளில் இந்த மூவருக்குமே அங்கிள் என்ற ஒரே சொல் போதும், அதனால் அங்கே விடை கிடைத்துவிடும். டிஎன்பிஎஸ்சி போல இரு மொழியிலும் வினா தரும் தேர்வுகளில் ஆங்கில வரியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே வரைந்து முடித்ததும் மிச்சமிருக்கும் கேள்விக்குறிகளைப் பாருங்கள். மேலே உள்ள மரத்தில் த-வுக்குக் கேள்விக்குறி இருக்கிறது. ப-வைப் பற்றிய கேள்வியை அது பாதிக்காது, விட்டுவிடலாம். த, க-வுக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தால் அதுவே விடையைத் தீர்மானிக்கும். + போட்டு ஒருமுறை, − போட்டு ஒருமுறை படித்தால் சகோதரியின் மகன், சகோதரியின் மகள் என்று இரண்டு விடை வரும். அப்படி வந்தால் இரண்டில் எதையும் குறிக்கக் கூடாது.

கடைசியாகத் திசை. ட, க-வுக்கு என்ன உறவு என்று கேட்டால் ட யார் என்று சொல்ல வேண்டும்: சகோதரியின் மகள். மாமா என்று குறித்தால் மரம் சரியாக இருந்தும் மதிப்பெண் போய்விடும், விடைப்பட்டியலில் அந்த மாமாவும் பெரும்பாலும் காத்திருப்பார். தேர்ந்தெடுத்த விடையை “ட, க-வின் ______” என்ற வாக்கியத்தில் வைத்துப் படியுங்கள். வந்த சொல் ட-வின் பாலினத்தோடு பொருந்தவில்லை என்றால் திசை மாறிவிட்டது என்று உடனே தெரியும். இருவரும் ஒரே பாலினமாக இருந்தால் இந்த அடையாளம் கிடைக்காது. அப்போது மரத்தில் யார் மேல் வரிசையில் இருக்கிறார் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.