ராஜினாமா செய்யும்போது மீதமிருக்கும் ஈ.எல்.-க்குப் பணம் உண்டா? ஹெச்.ஆர்.-க்கு எழுதும் கடிதம், படிப்படியாக

கிண்டிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு வேலையை விட்டேன். போர்ட்டலில் 23 நாள் ஈ.எல். மீதம் இருந்தது. "லீவுக்குப் பணம் வருமா?" என்று ஹெச்.ஆர்.-க்கு ஒரு மெயில் போட்டேன். "கம்பெனி பாலிசிப்படி செட்டில் செய்யப்படும்" என்று பதில் வந்தது. சரி, வந்துவிடும் என்று நம்பி விட்டுவிட்டேன். ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கு கைக்கு வந்தபோது 11 நாளுக்குத்தான் பணம் போட்டிருந்தார்கள். அப்புறம் ஒழுங்காக ஒரு கடிதம் எழுதித்தான் மீதி 12 நாளை வாங்கினேன். அந்த இரண்டாவது கடிதத்தை முதலிலேயே எப்படி எழுதுவது என்பதுதான் இந்தப் பதிவு. தமிழ்நாட்டில் தனியார் அலுவலக வேலையில் இருப்பவர்களுக்கானது. அரசு ஊழியர்களின் கணக்கு வேறு.

படி 1: ராஜினாமாவுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

மூன்றே மூன்று: ஆஃபர் லெட்டர், லீவ் பாலிசி, போர்ட்டலில் லீவ் பேலன்ஸ் காட்டும் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட். ஸ்க்ரீன்ஷாட்டில் தேதி தெரிய வேண்டும். போன வருடத்திலிருந்து வந்தது எத்தனை, இந்த வருடம் சேர்ந்தது எத்தனை என்று பிரித்துக் காட்டும் பக்கம் இருந்தால் அதையும் எடுங்கள். என் விஷயத்தில் காப்பாற்றியது அந்தப் பக்கம்தான். 12 பழையது, 11 புதியது என்று அதில் இருந்தது. கடைசி நாள் சாயங்காலமே லாகின் பூட்டிவிட்டார்கள், பிறகு போய்ப் பார்க்க வழியில்லை.

சம்பளப் பட்டியல்கள் வைத்திருப்பீர்கள், அதைத் தனியாகச் சொல்லவில்லை.

படி 2: எந்த லீவைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

சி.எல்., எஸ்.எல். இரண்டையும் பெரும்பாலான நிறுவனங்கள் பணமாகத் தருவதில்லை. வருடம் முடிந்ததும் அவை காலாவதி. கேட்க வேண்டியது ஈ.எல்., சில இடங்களில் பி.எல். என்பார்கள். கடிதத்தில் "என் லீவ்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். போர்ட்டலில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்று ஒன்று உண்டு. கடைகளுக்கு மட்டுமல்ல, அலுவலகங்களுக்கும் பொருந்தும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அதன் 25-ஆம் பிரிவுப்படி, 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. எடுக்காவிட்டால் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம்.

வேலையை விட்டால் என்ன ஆகும்? நிறுவனமே உங்களை நீக்கினால், அந்த விடுப்புக்கான பணத்தைத் தர வேண்டும். நீங்களாக விலகினால் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது: விடுப்பு கேட்டு, அது மறுக்கப்பட்டு, அதை அனுபவிக்காமலே விலகியிருக்க வேண்டும். எனக்கு இது தெரியாது. நோட்டீஸ் பீரியடில் மேலாளர் வாய்மொழியாக "இப்ப லீவெல்லாம் கிடையாது" என்றார், நானும் விண்ணப்பமே போடவில்லை. காகிதத்தில் பார்த்தால் நான் லீவே கேட்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை.

அதனால் நோட்டீஸ் பீரியடில் உண்மையிலேயே லீவ் வேண்டும் என்றால் போர்ட்டலில் விண்ணப்பியுங்கள். கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், லாபம்தான். மறுத்தால் அந்த மறுப்பு பதிவாகும், அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். பல நிறுவனங்கள் பாலிசியில் அதைவிட அதிகமாகவே தருகின்றன. வருடத்துக்கு 18 நாள், விலகும்போது முழுவதும் பணம் என்றெல்லாம் உண்டு. அப்படி எழுதியிருந்தால் நீங்கள் பாலிசியைக் காட்டிக் கேட்கலாம், சட்டத்துக்கே போக வேண்டாம். என் நிறுவனத்தின் பாலிசியில் 24 நாள் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டு போகலாம் என்றும், விலகும்போது மீதத்துக்குப் பணம் என்றும் தெளிவாகவே இருந்தது. கணக்குப் போட்டவர் பழைய 12 நாளைக் காலாவதி என்று எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

படி 4: கடிதம்

ராஜினாமா ஏற்கப்பட்ட முதல் வாரத்தில் அனுப்புங்கள். அதற்கு முன்பே அனுப்பினால் நீங்கள் கிளம்பப் போகிறீர்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடும். கடைசி வாரத்தில் அனுப்பினால் பதில் வருவதற்குள் உங்கள் மெயில் ஐ.டி. போய்விடும்.

மெயிலின் உடம்பிலேயே எழுதுங்கள். பி.டி.எஃப். இணைப்பு எனக்குப் பிடிக்காது. பதில் எழுதுபவர் உங்கள் கேள்விக்கு நேர் கீழே பதில் எழுத முடியாமல் போய்விடும், பழையபடி "பாலிசிப்படி" என்று ஒரே வரியில் முடிப்பார். வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். உங்கள் சொந்த மெயிலுக்கு இந்த ஒரு கடிதத்தை பி.சி.சி. போடுங்கள். கம்பெனிக் கோப்புகளை மொத்தமாக வெளியே அனுப்பி வம்பில் மாட்டாதீர்கள்.

உங்கள் அலுவலகத்தில் எந்த மொழியில் மெயில் போகுமோ அந்த மொழியில் எழுதுங்கள். சாரம் இதுதான்:

> பொருள்: பயன்படுத்தாத ஈட்டிய விடுப்புக்கான தொகை குறித்து விளக்கம் கோருதல் (ஊழியர் எண் ____)
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> நான் ____ தேதியில் அளித்த ராஜினாமா ஏற்கப்பட்டு, என் கடைசிப் பணி நாள் ____ என்று உறுதி செய்யப்பட்டுள்ளது. இன்றைய தேதியில் போர்ட்டலில் என் ஈட்டிய விடுப்பு 23 நாள் என்று உள்ளது (சென்ற ஆண்டிலிருந்து 12, இந்த ஆண்டில் 11). கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்துப்பூர்வமாக விளக்கம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. கடைசிப் பணி நாளில் மீதமிருக்கும் ஈட்டிய விடுப்புக்கு இறுதிக் கணக்கில் பணம் வழங்கப்படுமா? வழங்கப்படும் எனில் எத்தனை நாளுக்கு?
> 2. ஏதேனும் நாட்கள் கழிக்கப்படும் எனில், லீவ் பாலிசியின் எந்தப் பிரிவின்படி?
> 3. ஒரு நாள் தொகை எந்தச் சம்பளத்தை (அடிப்படைச் சம்பளம் அல்லது மொத்தச் சம்பளம்) எத்தனை நாளால் வகுத்துக் கணக்கிடப்படும்?
> 4. நோட்டீஸ் காலத்தில் ____ முதல் ____ வரை நான் விண்ணப்பித்த விடுப்பு மறுக்கப்பட்டது. அந்த நாட்களும் மேற்கண்ட கணக்கில் சேருமா?
> 5. தொகை எந்தத் தேதிக்குள் வழங்கப்படும்?
>
> ____ தேதிக்குள் பதில் அளித்தால் இறுதிக் கணக்கைச் சரிபார்க்க உதவியாக இருக்கும்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பதவி)

விடுப்பு கேட்டு மறுக்கப்படவில்லை என்றால் நான்காவதை எடுத்துவிடுங்கள். "எனக்கு உரிமை உண்டு", "சட்ட நடவடிக்கை எடுப்பேன்" என்றெல்லாம் இதில் எழுத வேண்டாம். இது விளக்கம் கேட்கும் கடிதம். மிரட்டினால் அது நேராக வக்கீலுக்குப் போகும், பதில் வர ஒரு மாதம் ஆகும். பதில் தேதியாக ஏழு வேலை நாள் கொடுங்கள். வராவிட்டால் அதே மெயிலுக்கு "ரிப்ளை ஆல்" போட்டு ஒரு வரி நினைவூட்டல் போதும். புது மெயில் தொடங்கினால் பழைய தேதி அடியில் போய்விடும்.

படி 5: பதில் வந்ததும் கணக்குப் போட்டுப் பாருங்கள்

மூன்றாவது கேள்வி எதற்கு என்று தோன்றலாம். என் அடிப்படைச் சம்பளம் 24,000 ரூபாய். அதை 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 800, 23 நாளுக்கு 18,400. அதையே 26-ஆல் வகுத்தால் 23 நாளுக்கு 21,230 சொச்சம். மொத்தச் சம்பளத்தை எடுத்தால் இன்னும் ஏறும். என் நிறுவனத்தின் பாலிசியில் அடிப்படைச் சம்பளம், 30 நாள் என்று இருந்தது. முதல் கணக்கில் 8,800 வந்தது, கடிதத்துக்குப் பிறகு 9,600 வந்தது. கூட்டினால் 18,400, சரியாக இருந்தது. வகுக்கும் எண் தெரியாமல் இருந்திருந்தால் சரியா தப்பா என்றே சொல்லியிருக்க முடியாது.

பிற்சேர்க்கை 1

பின்னூட்டத்தில் ஒருவர், லீவுப் பணத்தில் வரி பிடித்துவிட்டார்கள், சரியா என்று கேட்டிருந்தார். வேலையில் இருக்கும்போதே லீவைப் பணமாக்கினால் முழுவதற்கும் வரி உண்டு. ராஜினாமா செய்து விலகும்போது வருவது வேறு. தனியார் ஊழியர்களுக்கு வாழ்நாள் மொத்தத்தில் 25 லட்சம் வரை விலக்கு கிடைக்கும் (2023 ஏப்ரல் 1-க்கு முன் இது 3 லட்சமாக இருந்தது). அதற்குள்ளேயும் பத்து மாதச் சராசரிச் சம்பளம் போன்ற வரம்புகள் உண்டு, ஆனால் 23 நாள் லீவெல்லாம் அதைத் தொடாது. பிடித்துவிட்டால் ரிட்டர்ன் போடும்போது விலக்கைக் காட்டித் திரும்பப் பெறலாம்.

பிற்சேர்க்கை 2

ஹோசூரில் தொழிற்சாலையில் இருக்கும் ஒரு வாசகர், "எங்களுக்கும் லீவ் கேட்டு மறுத்திருக்க வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே தானாக விலகும் தொழிலாளிக்கும் மீத விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது தொடர்கிறது. வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் விடுப்பு. அதில் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் அலுவலக எழுத்தர், தொழில்நுட்ப வேலை செய்பவர்களும் வருகிறார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களும் மாதம் 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வரமாட்டார்கள். ராஜினாமா செய்தவரின் ஊதியத்தை இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. "எஃப் அண்ட் எஃப் 45 நாள் ஆகும்" என்று பதில் வந்தால், ஐந்தாவது கேள்விக்குக் கீழே இதைக் குறிப்பிட்டு மறுபடி தேதி கேளுங்கள்.