சைக்கிள் செயினை வைத்து மின்னோட்டம்: ஒரே உவமையில் எட்டு ஸ்லைடு கேரசல் செய்வது எப்படி?

"சுவிட்சைப் போட்ட உடனே விளக்கு எரியுதே, அப்போ எலக்ட்ரான் எவ்வளவு வேகமா ஓடும்?" ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் கேட்ட கேள்வி இது. பதிலை எட்டு ஸ்லைடு கேரசலாக, அதாவது கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் படத் தொடராகச் செய்துகொடுத்தேன். முதல் முறை செய்தது அவளை இன்னும் குழப்பிவிட்டது. மூன்றாவது முறைதான் சரியாக அமைந்தது. அந்த மூன்றாவது முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். படம் வரையவும் எழுத்துப் பெட்டி போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்தத் தவறான எண்ணத்தை உடைக்கப் போகிறோம்?

"மின்னோட்டம் என்றால் என்ன" என்று தலைப்பு வைத்தால் எட்டு ஸ்லைடு போதாது. ஒரு தவறான எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது இது: பேட்டரியிலிருந்து எலக்ட்ரான்கள் புறப்பட்டு, கம்பி வழியே பாய்ந்து, விளக்கை அடைந்து, அங்கே தீர்ந்துபோகின்றன. இதில் இரண்டு பிழைகள் உள்ளன. எலக்ட்ரான்கள் பேட்டரியிலிருந்து புறப்பட்டு வரத் தேவையில்லை, கம்பி முழுக்க அவை ஏற்கெனவே இருக்கின்றன. விளக்கில் அவை தீர்ந்துபோவதும் இல்லை.

படி 2: திடுக்கிட வைக்கும் ஓர் எண்ணை நீங்களே கணக்கிடுங்கள்

எங்கிருந்தோ எடுத்த எண்ணைப் போடாதீர்கள். பிள்ளைகள் "எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் மொத்தமாக ஒரு பக்கம் நகரும் வேகத்துக்கு, அதாவது இழுப்புத் திசைவேகத்துக்கான வாய்பாடு:

```
v = I / (n × A × e)
  = 1 / (8.5×10^28 × 10^-6 × 1.6×10^-19)
  ≈ 0.00007 m/s
```

இதில் I மின்னோட்டம், A கம்பியின் குறுக்குப் பரப்பு, n ஒரு கன மீட்டர் செம்பில் உள்ள கட்டுறா எலக்ட்ரான்களின், அதாவது எந்த அணுவோடும் ஒட்டாமல் நகரக்கூடிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, e ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம். நான் எடுத்தது ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி, அதில் 1 ஆம்பியர் மின்னோட்டம். விடை, நொடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் கம்பியைக் கடக்க ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம். வாய்பாட்டை ஸ்லைடில் போட வேண்டாம், கீழே விளக்கக் குறிப்பில் போதும். ஸ்லைடில் "1 மீட்டர் நகர மூன்றே முக்கால் மணி நேரம்" என்ற ஒரே வரி, பெரிய எழுத்தில்.

படி 3: உவமை ஒன்றே ஒன்று

என் முதல் முயற்சி கெட்டது இங்கேதான். மூன்றாம் ஸ்லைடில் தண்ணீர்க் குழாய், நான்காம் ஸ்லைடில் வரிசையாக அடுக்கிய கோலிக்குண்டு, ஆறாம் ஸ்லைடில் சைக்கிள் செயின். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே சரி. ஆனால் படிக்கும் பிள்ளை ஒவ்வொரு முறையும் "இதில் எலக்ட்ரான் எது? பேட்டரி எது?" என்று முதலிலிருந்து பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. எட்டு ஸ்லைடில் அதற்கு நேரமில்லை.

செயினை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தூக்கிவிட்டேன். தண்ணீர்க் குழாயை விட்டதற்குக் காரணம் உண்டு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வெளியே கொட்டும், தொட்டி காலியாகும். நாம் உடைக்க நினைக்கும் "தீர்ந்துபோகும்" எண்ணத்தையே அது வளர்த்துவிடும். செயின் மூடிய வளையம். எவ்வளவு மிதித்தாலும் ஒரு கண்ணிகூடக் குறையாது.

படி 4: பொருத்த அட்டவணையைத் தாளில் எழுதுங்கள்

ஒரு ஸ்லைடு வரைவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் நிற்கும் சைக்கிளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் கையால் பெடலைச் சுற்றுகிறார், இன்னொருவர் பின் பிரேக்கை லேசாகப் பிடித்திருக்கிறார்.

- பெடலைச் சுற்றும் கை: பேட்டரி
- செயினின் கண்ணிகள்: கம்பியில் உள்ள கட்டுறா எலக்ட்ரான்கள்
- பிரேக் கட்டை சக்கரத்தில் உரசிச் சூடாவது: விளக்கின் இழை சூடாவது
- செயின் ஓடும் வேகம்: மின்னோட்டம்

முதலில் நான் பின்சக்கரத்தையே விளக்காக வைத்திருந்தேன். அது ஒட்டவில்லை. சக்கரம் சும்மா சுற்றினால் சூடு எங்கே, வெளிச்சம் எங்கே? பிரேக்கைச் சேர்த்த பிறகுதான் உவமை உயிர்பெற்றது. கையின் ஆற்றல் பிரேக் கட்டையில் வெப்பமாக வெளிப்படுகிறது, செயின் முழுசாகத் திரும்பி வருகிறது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக்கூடிய சூடு அது.

படி 5: ஸ்லைடுகளின் வரிசை

முதல் ஸ்லைடில் கேள்வி மட்டும். இரண்டாவதில் மூன்றே முக்கால் மணி நேரம். மூன்றாவதில் சைக்கிள் படம், அதில் எந்த விளக்கமும் வேண்டாம், "பெடலை அசைத்தால் பின்சக்கரம் எப்போது அசையும்?" என்ற கேள்வி போதும். நான்காவதில் பதில்: ஒரு கண்ணி பெடலிலிருந்து சக்கரம் வரை போய்ச் சேரக் காத்திருக்க வேண்டியதில்லை, வளையம் முழுதும் ஒன்றாக அசைகிறது. ஐந்தாவதில் பொருத்த அட்டவணை, பாதி சைக்கிள், பாதி மின்சுற்று.

ஆறாவது ஸ்லைடு எனக்கு மிகவும் பிடித்தது. சைக்கிளைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்னோக்கிச் சுற்றும்போது செயினின் மேல்பகுதி பின்சக்கரத்திலிருந்து பெடலை நோக்கி நகர்கிறது. ஆனால் ஆற்றல் போவது பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு. கண்ணிகள் ஒரு பக்கம் போக, ஆற்றல் எதிர்ப்பக்கம் போகிறது! மின்சுற்றிலும் அப்படித்தான். ஒரு கம்பியில் எலக்ட்ரான்கள் விளக்கை நோக்கி நகர்கின்றன, மற்றக் கம்பியில் விளக்கை விட்டு விலகி நகர்கின்றன. ஆற்றலோ இரண்டின் வழியாகவும் விளக்கை நோக்கியே போகிறது. "எலக்ட்ரான்தான் ஆற்றலை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிறது" என்ற எண்ணம் இந்த ஒரு படத்தில் உடைகிறது. அதனால் அம்புக்குறிகளை இரண்டு நிறத்தில் போடுங்கள்: செயினுக்கு ஒன்று, ஆற்றலுக்கு ஒன்று. ஒரே நிறத்தில் போட்டால் இந்த ஸ்லைடு வீண்.

ஏழாவது, உவமை எங்கே உடைகிறது என்பது. எட்டாவது, சோதனைக் கேள்வி: "ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள் தொடரிணைப்பில். பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது கூடுதலாக ஒளிருமா?" செயினைப் புரிந்துகொண்ட பிள்ளை, வளையம் எங்கும் ஒரே வேகம் என்பதால் இரண்டும் சமமாக ஒளிரும் என்று சொல்லிவிடும். "முதல் விளக்கு எடுத்துக்கொண்டதுபோக மீதிதான் அடுத்ததற்கு" என்று பதில் வந்தால் நான்காம், ஆறாம் ஸ்லைடுகளைத் திருத்துங்கள். கேரசல் வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த ஒரே நம்பகமான வழி இந்தக் கேள்விதான்.

படி 6: உவமை உடையும் இடம்

இந்த ஸ்லைடைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும்போது செயினையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். மூன்றை மட்டும் சொன்னேன்.

ஒன்று, செயினில் ஒரு கண்ணி அடுத்ததைக் கொக்கிபோல இழுக்கிறது. கம்பியில் அப்படிக் கொக்கி எதுவும் கிடையாது. மின்புலம் கம்பி முழுக்க, ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் பரவி, அங்கங்கே உள்ள எலக்ட்ரான்களை அங்கங்கேயே தள்ளுகிறது.

இரண்டு, செயின் பிரியாது. பக்க இணைப்பில் மின்னோட்டம் இரண்டாகப் பிரியும், அதைச் செயினில் காட்ட முடியாது. அங்கே இந்த உவமையை இழுக்காதீர்கள்.

மூன்று, கணக்குக்கு இது உதவாது. பிரேக்கின் உராய்வு வேகத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறாது. மின்தடையிலோ மின்னழுத்த வேறுபாடு மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். "பிரேக்கை இறுக்கினால் செயின் எல்லா இடத்திலும் ஒருசேர மெதுவாகும்" என்பது வரை சரி. அதற்கு மேல் ஓமின் விதியைச் செயினிலிருந்து வருவிக்க முடியாது.

படி 7: வரைவதும் எழுத்தும்

அளவு 1080 × 1350 பிக்சல். எழுத்து 44 பிக்சலுக்குக் குறையக் கூடாது, ஒரு ஸ்லைடுக்கு இருபத்தைந்து சொல் போதும். எனக்கு இங்க்ஸ்கேப்தான் பிடிக்கும். இலவசம், செயினை ஒரு கண்ணி வரைந்து பாதையில் அடுக்கிவிடலாம், தமிழ் எழுத்தும் உடையாமல் வரும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், தலைப்புக்கு மட்டும் பலூ தம்பி.

எந்த மென்பொருளானாலும் முதலில் "மின்னோட்டம்" என்று தட்டச்சு செய்து பாருங்கள். "னோ" பிரிந்து, கொம்பும் காலும் இடம்மாறித் தெரிந்தால் அந்த மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை என்று பொருள். எழுத்து இடைவெளியைச் சுழியத்திலேயே வையுங்கள். அழகுக்காகக் கூட்டினால் சில செயலிகளில் கொம்பு தனியே விலகி நிற்கும். ஏற்றுமதி செய்த படத்தைக் கைப்பேசியில் கை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

பிற்சேர்க்கை 1: இரண்டாம் ஸ்லைடில் முதலில் "எலக்ட்ரான்கள் ஆமை வேகம்" என்று எழுதியிருந்தேன். ஓர் இயற்பியல் ஆசிரியர் கருத்துப் பகுதியில் திருத்தினார். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக, நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அலைகின்றன. எல்லாத் திசையிலும் அலைவதால் மொத்தத்தில் எங்கும் போய்ச் சேருவதில்லை. நாம் கணக்கிட்டது அந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு பக்கமாக நகரும் சிறு இழுப்பை மட்டும். இப்போது "ஒரு பக்கமாக நகரும் வேகம்" என்று மாற்றிவிட்டேன். நன்றி ஐயா.

பிற்சேர்க்கை 2: "வீட்டு மின்சாரம் மாறுதிசை ஆயிற்றே, அப்போது செயின்?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். செயின் முன்னும் பின்னும் ஆடுவதாக நினைத்துக்கொள்ளம்மா. நொடிக்கு 50 முறை ஆடும் மின்னோட்டத்தில், மேலே சொன்ன அதே கம்பியில், எலக்ட்ரான்கள் நகரும் தூரம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு, தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. ஆனாலும் பிரேக் கட்டை இரு பக்கமும் உரசும், இரு பக்கமும் சூடாகும். ஒன்று மட்டும் கவனம்: சாதாரண சைக்கிளில் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் சக்கரம் அதோடு சுற்றாது. அதனால் இதற்குப் பெடலும் சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும், ஃப்ரீவீல் இல்லாத சைக்கிளை வரைய வேண்டும். அந்த ஸ்லைடைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறேன்.