முதியோர் அசெஸ்மென்ட் நோட்ஸை ஒரே பக்கத்துல கொண்டு வந்த விதம் – என் அனுபவம்

81 வயசு ஐயா ஒருத்தரோட ஃபைல், நர்ஸ் நோட் ஒரு இடம், பிசியோ ஷீட் தனியா, ஞாபக டெஸ்ட் வேற தேதியில, மாத்திரை லிஸ்ட் பழைய டிஸ்சார்ஜ் பேப்பர்ல. தலைப்பு வாரியா காப்பி பண்ணா பக்கம் ரொம்புமே தவிர ஒண்ணும் புரியாது. அதனால மாத்திரையில இருந்து ஆரம்பிச்சேன், ஏன்னா மத்த மூணையும் தொடறது அதுதான். ராத்திரி அமிட்ரிப்டிலின், கூட டாம்சுலோசின். ரெண்டுமே எழுந்து நிக்கும்போது பிரஷரை இறக்கும், அமிட்ரிப்டிலின் ஞாபகத்தையும் மந்தமாக்கும்.

இப்போ நர்ஸ் நோட்டைப் பார்த்தா படுத்திருக்கும்போது மேல் பிரஷர் 146, நின்னு 3 நிமிஷத்துல 118. 20 இறங்கினாலே கவனிக்கணும், இங்க 28. மகள் சொன்னபடி விழுந்ததும் ரெண்டு தடவையும் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தப்போதான். இதை ஒரே வரியில மேல எழுதினேன், "ராத்திரி எழும்போது விழறார்னு மகள் சொல்றாங்க, பிரஷர் இறங்குது, இந்த ரெண்டு மாத்திரையையும் டாக்டர் பார்க்கணும்"னு.

நடைக்கு நாற்காலில இருந்து எழுந்து 3 மீட்டர் போய்த் திரும்பி உக்கார 19 செகண்ட், வாக்கரோட. வாக்கர்ங்கறத விட்டுட்டா அடுத்த தடவை கம்பேர் பண்ணவே முடியாது. ஞாபகம் 30க்கு 21, ஆனா அன்னைக்கு காது மெஷின் போடல, அதனால மார்க் பக்கத்துலயே அதையும் எழுதி, மெஷினோட திரும்ப எடுக்கணும்னு போட்டேன்.

டாக்டர் நோட்ல "விழவில்லை", மகள் சொன்னது ரெண்டு தடவை. நானா ஒண்ணைத் தேர்ந்தெடுக்காம யார் சொன்னது, எந்தத் தேதின்னு ரெண்டையும் வச்சேன். எடுக்காத டெஸ்டுக்கு "எடுக்கல"ன்னே எழுதணும், காலியா விட்டா நார்மல்னு படிச்சுடுவாங்க.